குரல் ஒருத்தி, கை ஒருத்தி

பார்லர் அக்கா தன் வாழ்நாளில் இழுத்த நூலை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டால் பூமியை இரண்டரைச் சுற்று சுற்றலாம். இரண்டே கால்தான் வரும் என்று அவள் மகள் சொல்வாள். கால் சுற்றுக்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. இருபத்தாறு வருஷம் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை இரண்டு கையிலும் முறுக்கி, ஊரில் உள்ள புருவங்களை எல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் அவள். அத்தனை புருவமும் ஒன்றுகூடிப் பழிவாங்கிய மாதிரி, ஐம்பத்தெட்டாவது வயதில் வலது கட்டைவிரல் மடக்கினால் நிமிர மாட்டேன் என்றது.

எலும்பு டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம், தசைநாணைச் சுற்றிய உறை வீங்கிப்போயிருக்கிறது என்றார். இரண்டு ஊசி போட்டுப் பார்த்தாயிற்று. இனி சின்னதாக ஒரு கீறல் கீறி அந்த இறுக்கத்தை விட வேண்டியதுதான்.

“அதுக்கப்புறம் பழையபடி நூல் பிடிக்கலாமா டாக்டர்?”

“பிடிக்கலாம். பிடிச்சிட்டு மறுபடி என்கிட்ட வரலாம். எனக்கும் பிள்ளைங்க படிக்கிறாங்க.”

அப்படித்தான் பார்லரைக் கைமாற்றும் பேச்சு வந்தது.

பார்லர் இருந்தது கட்டடக்காரர் நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில். மூன்று சுழல் நாற்காலி, தலை கழுவும் தொட்டி ஒன்று, கதவுக்குத் திரை போட்ட உள்ளறையில் ஃபேஷியல் கட்டில் ஒன்று. வாசலில் காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா. அதன் நடு ஸ்பிரிங் போய்விட்டதால், முனையில் உட்கார்ந்தவர்கூட மெல்ல மெல்ல நடுவுக்கு நழுவி, பக்கத்தில் இருப்பவர் மடியில் போய்ச் சேருவார். இரண்டு கல்யாணம் அந்தச் சோபாவால் நிச்சயமானது என்று அக்கா சொல்வாள். நம்பாதவர்கள் போய் உட்கார்ந்து பார்க்கலாம்.

முதலில் மகளிடம்தான் கேட்டாள். மகள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். பத்திரம், படிவம், நிபந்தனை என்றால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவது மாதிரி வாசிப்பாள்.

“எனக்கு மத்தவங்க முகத்தைத் தொட்டாலே கூசுதும்மா. மெழுகை ஒட்டி இழுக்கும்போது அவங்க ‘ஸ்’ங்கறதுக்கு முன்னாடி நான் ‘ஸ்’ங்கறேன். வேணாம்.”

“அப்போ கடை?”

“கம்மு இருக்கால்ல? கடையை நடத்தறதே அவதான். நீ பேசிட்டிருக்க.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் அப்படிச் சுருக்கென்று இருக்காது.

கம்மு என்பது அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. கம்மென்று இருப்பாள் என்பதால் முதல் வாரமே வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்தபோது இருபது வயது. முதல் மூன்று மாதம் அவளை யார் முகத்தையும் தொட விடவில்லை அக்கா. சொந்தக் காலின் முன்பக்கத்து முடியில் நூல் போட்டுப் பழகினாள். ஒரு கால் முடிந்து மறு கால் போனாள். அது முடிவதற்குள் முதல் காலில் மறுபடி முளைத்திருந்தது. சாயத்தைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான் தலையில் வைக்க வேண்டும் என்பதை ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அக்காவே அவசரத்தில் மறந்தால் கிண்ணத்தைக் கையிலிருந்து பேசாமல் வாங்கி வைத்துவிடுவாள். வந்து போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதினாள்: தோல் எப்படி, எது ஒத்துக்கொள்ளாது, சாயத்தில் எந்த நம்பரோடு எந்த நம்பர், என்ன அளவு. அதற்கு முன் அதெல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது. அக்காவின் தலைக்குள் வேறு பல சாமானும் இருந்ததால் சில சமயம் தேடி எடுக்க நேரமாகும்.

அக்கா கம்முவுக்குச் சொல்லித்தராதது ஒன்றே ஒன்று. பேச்சு. சொல்லித்தந்தும் வரவில்லை என்பதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. மதியம் ஃபேஷியல் கட்டிலையே மேஜையாக்கி மூவரும் உட்கார்ந்தார்கள். மகள் காகிதங்களைப் பரப்பினாள்.

“கட்டடக்காரர்கிட்ட பேசிட்டேன். நம்ம வாடகை ஒப்பந்தத்தை அப்படியே உன் பேருக்கு மாத்த முடியாது. பழசை முடிச்சிட்டு உன் பேர்ல புதுசா போடணும். சம்மதம்னுட்டார், மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணும். கடை லைசென்ஸும் அம்மா பேர்ல இருக்கறது உனக்குச் செல்லாது, நீ தனியா எழுதிக் கொடுக்கணும். இது சாமான் பட்டியல். சோபாவை விலையில்லாமத் தர்றோம்.”

“சோபா வேணாம்,” என்றாள் கம்மு.

“போன் நம்பர் உனக்கு மாறுது. அதுதான் முக்கியம். பாதிப் பேருக்குக் கடைப் பேரே தெரியாது, நம்பர்தான் தெரியும். கடைக்கான விலையை மூணு வருஷத்துல வர்ற வருமானத்துல கொஞ்சம் கொஞ்சமாக் கொடு. ஆறு மாசம் அம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து கூட இருப்பாங்க. நூல் பிடிக்கக் கூடாது. அப்புறம் பக்கத்துல எங்கயும் வேற கடை போடக் கூடாது.”

“நான் எதுக்குடி கடை போடப்போறேன்?”

“உனக்குத்தாம்மா அந்த வரி. உன்னை எனக்குத் தெரியும்.”

கம்மு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பக்கத்தில் வாடிக்கையாளர்கள் அட்டை, மொத்தம் இருநூற்று நாற்பது என்று இருந்தது. அங்கே விரல் நின்றது.

“இதுல ஒண்ணு விட்டுப்போச்சுக்கா.”

“என்னது?”

“கண்ணை மூடிக்கிட்டுப் படுக்கிறவங்க பதினோரு பேர்.”

அக்கா அவசரமாகக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னம்மா விஷயம்?”

விஷயம் பதினாலு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருபத்திரண்டு வருஷமாக மாதம் ஒரு ஃபேஷியல் தவறாமல் வருபவர். அக்கா தவிர வேறு யாரும் தன்னைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். அன்று முகம் துடைத்து, ஆவி பிடித்து, பன்னீர் நனைத்த பஞ்சைக் கண்மேல் வைத்து, க்ரீம் தடவி மசாஜ் நடந்துகொண்டிருந்தது. ஹேர் டிரையர் ஊதிய சவுரிமுடி ஜன்னல் வழியாகப் பறந்து எதிர்வீட்டு நாய்க்குத் தலைமுடியான கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். நாய் வீதியில் வரும் இடத்தில் கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. கதையை நிறுத்தாமல் கம்முவுக்குக் கண்ணைக் காட்டினாள். கம்மு கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, அக்காவின் கை கன்னத்தை விட்டு எழும்பிய நொடியில் தன் கையை வைத்தாள். நாய் வீடு போய்ச் சேர்ந்தது. டீச்சருக்கு எதுவும் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழுந்து கண்ணாடி பார்த்துவிட்டு, “இன்னைக்கு உன் கையில ஒரு தனி சுகம்மா. வேற யாருக்கும் வராது இது,” என்றார்.

அக்கா வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். “எல்லாம் உங்க ஆசீர்வாதம் டீச்சர்,” என்று வந்தது.

அதுவே பழக்கமானது. அக்கா தவிர யாரும் கூடாது என்ற பதினோரு பேருக்கும் கண்மேல் பஞ்சு வைக்கும் வரை அக்கா, பஞ்சு எடுக்கும்போது அக்கா, நடுவில் கம்மு. குரல் சரியான இடத்திலிருந்து வர வேண்டுமே என்று அக்கா கம்முவின் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டு கதை சொல்வாள். திரையை விலக்கிப் பார்த்தவர் யாராவது இருந்திருந்தால் இரண்டு தலையும் இரண்டு கையுமாக ஒரு உருவத்தைப் பார்த்து அலறியிருப்பார்.

மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, இன்ஷூரன்ஸ்காரியாக மாறினாள். “இது மோசடிம்மா.”

“மோசடி என்ன மோசடி. கெட்டதா ஒண்ணும் செய்யல. நல்லாச் செஞ்சோம்.”

“அக்கா,” என்றாள் கம்மு. “நீங்க போன மறுநாள் டீச்சர் வந்து படுப்பாங்க. அதே கைதான். ஆனா உங்க குரல் இருக்காது. ‘பழைய கை போச்சு, இவளுக்கு வரல’ன்னு எழுந்து போயிடுவாங்க. பதினோரு பேரும் போவாங்க, அவங்க கூட்டிட்டு வந்தவங்களும் போவாங்க. என் கைக்கு என் கையே போட்டியாப் போச்சு.”

ஒன்பது வருஷத்தில் கம்மு சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். அக்கா வாயடைத்துப்போனாள். அந்த அறையில் அதுவும் முதல் தடவை.

“நான் கதையை எல்லாம் போன்ல பதிஞ்சு கொடுத்துடறேன். கட்டிலுக்கு அடியில வச்சு ஓட விடு,” என்றாள் அக்கா.

கம்மு பேனாவை மூடி வைத்தாள். “அவங்களுக்குச் சொல்லுங்க. சொன்ன பிறகு எத்தனை பேர் இருக்காங்களோ, அந்தக் கடையை நான் வாங்கிக்கிறேன். சொல்லாம வேணாம்.”

சொன்னால் டீச்சர் போவார். டீச்சர் போனால் அவர் கூட்டிவந்த கூட்டம் போகும். கூட்டம் போனால் கைமாற்ற மிச்சம் இருப்பது மூன்று நாற்காலியும் யாருக்கும் வேண்டாத சோபாவும். சொல்லாவிட்டால் கம்மு போவாள். இரண்டுக்கும் நடுவில் அக்காவின் கட்டைவிரல் விண் விண்ணென்று தெறித்தது.

புதன்கிழமை டீச்சர் வந்தார். படியேறி வரும்போதே சொல்லிவிடலாம் என்றிருந்தாள் அக்கா. வணக்கம் சொன்னாள். துண்டு கட்டும்போது சொல்லலாம் என்றிருந்தாள். வெயிலைப் பற்றிச் சொன்னாள். ஆவி பிடிக்கும்போது மூச்சு முட்டும், அப்போது சொன்னால் பாவம். பஞ்சு வைத்தாயிற்று. கம்மு வழக்கம்போல் கையை வைத்தாள், ஆனால் முறைத்துக்கொண்டு வைத்தாள். அக்காவின் முகவாய் தோளுக்கு வந்ததும் தோளைச் சற்றே விலக்கினாள்.

மசாஜ் பாதியில் டீச்சர் பெருமூச்சு விட்டார். “உன் கையை உனக்கப்புறம் யாருக்கும்மா எழுதி வைக்கப்போற?”

அக்கா மெல்ல நடந்து ஜன்னல் பக்கம் போனாள். கட்டிலிலிருந்து ஏழடி தூரம். அங்கே நின்றுகொண்டு சொன்னாள்:

“அது என் கை இல்ல டீச்சர்.”

டீச்சரின் கன்னத்தில் இரண்டு கை வட்டமிட்டுக்கொண்டிருந்தது. குரல் ஜன்னலிலிருந்து வந்தது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் எந்த மூலையில் யார் பேசினாலும் திரும்பாமலே கண்டுபிடித்தவர். படுத்தபடியே கட்டையாக விறைத்துப்போனார்.

“அப்போ இது யாரு?”

“நான்தான் டீச்சர்,” என்றாள் கம்மு. கையை எடுக்கவில்லை. பாதி மசாஜில் எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு மாதிரி, இந்தப் பக்கம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

“எத்தனை நாளா?”

“பதினாலு மாசமா,” என்றாள் அக்கா.

“நீயும் கூட்டா?”

“ஆமா டீச்சர். தப்புதான்.”

டீச்சர் கண்மேல் இருந்த பஞ்சைத் தானே எடுத்தார். அதற்கு மேல் மசாஜும் வேண்டாம், ஃபேஸ் பேக்கும் வேண்டாம் என்று எழுந்தார். கம்மு க்ரீமை ஒத்தி எடுத்துத் துடைத்துவிட்டாள். முழுப் பணத்தையும் மேஜைமேல் வைத்தார். வாங்க மறுத்த அக்காவிடம், “செஞ்ச வரைக்கும் வேலை நல்லாத்தான் இருந்தது. பொய்தான் நல்லா இல்ல,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்டது.

மீதிப் பத்துப் பேருக்கும், அவரவர் முறை வந்தபோது, படுக்கும் முன்பே சொன்னார்கள். ஒருமுறை சொல்லிவிட்டதால் அக்காவுக்கு அதன்பின் அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒரு அம்மா வயிறு குலுங்கச் சிரித்து, அந்த இரட்டைத்தலை உருவத்தை ஒருதரம் நின்று காட்டச் சொன்னாள். இரண்டு பேர் முணுமுணுத்தபடி படுத்தார்கள், ஐந்து பேர் சரி என்று படுத்தார்கள். இருவர், டீச்சரின் பழைய மாணவிகள், வீட்டுக்குப் போனபின் போன் செய்து அடுத்த முறையை ரத்து செய்தார்கள். கம்மு ஒவ்வொரு அட்டையிலும் புதிதாக ஒரு வரி சேர்த்தாள்: செய்தது யார். டீச்சரின் அட்டையிலும் பின்னோக்கிப் பதினாலு மாதத்துக்கும் எழுதினாள். அவர் வரவே போவதில்லை என்றாலும் எழுதினாள்.

மூன்று வாரம் போயிற்று. மாதம் முடிய நாலு நாள். கட்டடக்காரர் கீழே கண்ணாடி துடைத்துக்கொண்டே மேலே அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். கம்மு கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அவளுக்கு அந்த வயதில்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் படியில் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியும் தனித்தனியாக.

டீச்சர் வாசலில் நின்றார். முகம் களைத்திருந்தது. வலது கன்னத்தில் லேசான சிவப்பு.

“ரெண்டு எடம் போய்ப் பார்த்தேன். ஒருத்தி சோளம் உரிக்கிற மாதிரி உரிக்கிறா. இன்னொருத்தி கை ஐஸ் கட்டி. வெந்நீர்ல நனைச்சுட்டு வைக்கணும்னுகூடத் தெரியல.” சொல்லிவிட்டுக் கம்முவைப் பார்த்தார். “நீ உள்ள வா.” அக்காவைப் பார்த்தார். “நீ வெளிய உட்காரு. கதவைச் சாத்திக்கிறேன். எந்தக் கை எதுன்னு எனக்கு நானே தெரிஞ்சுக்கணும்.”

கம்மு அந்தச் சிவப்பைக் கவனித்தாள். “இன்னைக்கு ஸ்க்ரப் வேணாம் டீச்சர், ஆவியும் வேணாம். வெறும் க்ளென்சிங், மசாஜ் மட்டும், அதுவும் அந்தப் பக்கம் லேசா.” டீச்சர் தலையாட்டினார். கதவு சாத்திக்கொண்டது.

அக்கா சோபாவின் முனையில் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பத்து நிமிஷம். அந்த அமைதி அவள் காதை அடைத்தது. போய் ஒரு வார்த்தை, வெயிலைப் பற்றியாவது ஒரு வார்த்தை போட்டால் என்ன என்று நாக்கு துடித்தது. கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டாள். இருபது நிமிஷம். பேசாமல் எப்படி ஒரு மனுஷியை அரை மணி நேரம் படுக்க வைக்க முடியும்? டீச்சர் எழுந்துவிடப் போகிறார். எழுந்து இறங்கிப் போய்விடப் போகிறார். சோபா அவளை மெல்ல நடுவுக்கு இழுத்துவிட்டிருந்தது.

அப்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஸ்டீமர்தான் கெட்டுப்போய் உறுமுகிறது என்று நினைத்தாள். ஸ்டீமர் போடவில்லையே என்று ஞாபகம் வந்தது. பிறகு தெருவில் லாரி ஏதோ ஏற்றத்தில் திணறுகிறது என்று நினைத்தாள். இறங்கி, ஏறி, நடுவில் ஒரு விசிலோடு, கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது குறட்டை. கீழே கட்டடக்காரர் கடையில் கண்ணாடிகள் சட்டத்துக்குள் அதிர்ந்ததாகப் பிற்பாடு அக்கா சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. டீச்சர் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

“இருபத்திரண்டு வருஷமா இங்க வர்றேன். ஒரு நாளாவது என்னைத் தூங்க விட்டிருக்கியா நீ?”

“டீச்சர்?”

“கண்ணு சொருகும்போதெல்லாம் ‘அப்புறம் கேளுங்க’ம்ப. கேட்கலைன்னா மரியாதை இல்லையேன்னு முழிச்சிட்டு இருப்பேன். நாய், சவுரி, ஜன்னல். எல்லாத்தையும் கேட்டு மண்டை காய்ஞ்சுபோய்த்தான் வீட்டுக்குப் போவேன்.”

அக்காவுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று புரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கதைகளுக்காகத்தான் டீச்சர் வருகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

டீச்சர் கம்முவின் பக்கம் திரும்பினார். “அடுத்த மாசம் இதே வெள்ளி, இதே நேரம். உன் பேர்ல எழுதிக்கோ. அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் நான் சொல்லிக்கிறேன்.” படியில் கால் வைத்தவர் நின்று திரும்பினார். “ஏம்மா, அந்த நாய் கடைசியில சவுரியைத் திருப்பித் தந்துச்சா இல்லையா?”

“அது பெரிய கதை டீச்சர்.”

“சாயங்காலம் போன் பண்றேன். உட்கார்ந்து கேட்கிறேன், முழிச்சிட்டு.”

அவர் இறங்கிப் போனார். இந்தத் தடவை படிகள் தனித்தனியாகக் கேட்கவில்லை.

கம்மு உள்ளே போய்க் காகிதங்களை எடுத்துவந்தாள். பேனா மூடியைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். சாமான் பட்டியலில் சோபா என்ற இடத்தில் மட்டும் ஒரு கோடு கிழித்தாள். அக்கா இடது கையால் தன் பெயரை எழுதினாள், கோழி கிளறின மாதிரி. தோளிலிருந்து ஏதோ ஒரு மூட்டை இறங்கியது. இருபத்தாறு வருஷமாக அது அங்கே இருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே மதியம் டாக்டருக்குப் போன் போட்டு நாள் கேட்டாள்.

கட்டு பிரித்த பிறகு முதல் தடவையாகக் கடைக்கு வந்தபோது, வேலை எதுவும் செய்ய விடாமல் கம்மு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கட்டிலில் அக்கா படுத்ததே இல்லை. மேலே கூரையில் ஒரு நீர்க்கறை, பார்ப்பதற்கு நாய் மாதிரியே. இத்தனை பேரும் இதையா பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்?

“கம்மு, அந்தக் கறையைப் பார்த்தியா, அது வந்த கதை உனக்குத் தெரியாது. ஒரு மழை நாள்—”

கண்மேல் குளிர்ந்த பஞ்சு வந்து உட்கார்ந்தது. வெந்நீரில் நனைத்துத் துடைத்த இரண்டு கை கன்னத்தில் படிந்தது.

“பேசாதீங்கக்கா. முகம் அசையுது.”

அக்கா வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் புது அட்டை ஒன்று கிடந்தது. படுக்கும்போதே ஓரக்கண்ணால் படித்திருந்தாள். தோல்: வறண்டது. ஒத்துக்கொள்ளாதது: இல்லை. செய்தது: கம்மு. குறிப்பு என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், ‘கதை சொல்வார், விடக் கூடாது.’

அந்த மழை நாளில் என்ன நடந்தது என்று மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். கூரையில் ஓட்டை விழுகிற இடம் வருவதற்குள் தூங்கிப்போனாள்.